சென்னை ஜார்ஜ் டவுன் தெருப் பெயர்கள்: தொழில், சந்தை, வரி, தலைவர்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வடக்கே கடற்கரைக்கும் வால்டாக்ஸ் சாலைக்கும் நடுவே அமைந்த வணிகப் பகுதி ஜார்ஜ் டவுன். நகரின் மிகப் பழைய தெருக்களில் பல இங்கேயே உள்ளன. அவற்றின் பெயர்கள் இரண்டு வழிகளில் வந்தவை. ஒன்று மக்கள் வழக்கில் தானாகப் பிறந்தது. மற்றது அரசு ஆணையால் சூட்டப்பட்டது. ஒரே தெருவுக்கு இரண்டும் இருக்கும்போது, பலகையில் ஒரு பெயரும் பேச்சில் வேறு பெயரும் நிற்கின்றன. இப்பெயர்களைச் சரியாகப் படித்தால், அங்கு யார் வாழ்ந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பது தெரியவரும். தவறாகப் படித்தால் இல்லாத வரலாறு ஒன்று உருவாகிவிடும்.

பகுதியின் தோற்றம்

இன்றைய ஜார்ஜ் டவுன், ஆங்கிலேயர் வந்தபோது உருவான முதல் ஊர் அன்று. புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தபின் அதன் வடக்கு மதிலை ஒட்டி வணிகர்களும் நெசவாளர்களும் குடியேறிய ஊரை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்றனர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் அது கம்பெனிக்குத் திரும்பியது. வீடுகளின் மறைவில் பகைவர் நெருங்க முடியும் என்பதை இந்த முற்றுகை காட்டிவிட்டது. அதனால் கோட்டையை ஒட்டிய வீடுகள் இடிக்கப்பட்டு, பீரங்கிச் சூட்டுக்குத் தடையில்லாத வெட்டவெளி உண்டாக்கப்பட்டது. அதற்கு அப்பால் எதுவும் கட்டக்கூடாது என்று எல்லைத் தூண்கள் நடப்பட்டன. 1773ஆம் ஆண்டைக் குறிக்கும் தூண் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது.

இடம்பெயர்ந்த மக்கள் ஏற்கெனவே வடக்கே இருந்த இரண்டு பேட்டைகளில் நெருங்கிக் குடியேறினார்கள். கிழக்கே இருந்தது முத்தியால்பேட்டை. தெலுங்கில் 'முத்தியாலு' என்றால் முத்துகள். மேற்கே இருந்தது பெத்தநாயக்கன்பேட்டை. நகரின் காவல் பொறுப்பைப் பரம்பரையாக வைத்திருந்தவர் பெத்தநாயக்கர். ஒரு பதவியின் பெயரே பேட்டைக்கும் பெயரானது. கறுப்பர் நகரம் என்ற பெயர் நீங்கி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நினைவாக 'ஜார்ஜ் டவுன்' என்ற பெயர் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

சலவையாளர் தெரு தங்கசாலை ஆனது

தொழிலால் வந்த பெயர் எவ்வாறு மாறுகிறது என்பதற்குத் தங்கசாலைத் தெரு நல்ல சான்று. ஆங்கிலத்தில் இதை 'மிண்ட் தெரு' என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் இதற்குச் 'சலவையாளர் தெரு' என்று பொருள்படும் பெயர் இருந்தது.

இங்குக் குறிக்கப்படும் சலவை, வீட்டுத் துணி வெளுப்பது அன்று. கம்பெனியின் முதன்மை வணிகம் துணி. நெசவாளரிடமிருந்து தறியிலிருந்து இறங்கிய நிலையில் வரும் துணி பழுப்பாகவும் கஞ்சியோடும் இருக்கும். அதைத் துவைத்து, வெயிலில் விரித்து வெளுத்து, அடித்து மடித்த பிறகே தரம் பிரித்துப் பொதியாகக் கட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். இந்த வேலைக்கு நல்ல தண்ணீரும், துணி விரிக்கப் பரந்த வெளியும் வேண்டும். நகரம் நெருக்கமாகும்போது முதலில் வெளியேற வேண்டிய தொழிலும் இதுவே. ஜார்ஜ் டவுனுக்கு வடக்கே உள்ள பழைய வண்ணாரப்பேட்டையின் பெயரும் இந்த ஏற்றுமதித் துணி வணிகத்தோடு சேர்ந்ததே.

நாணயச்சாலை இந்தத் தெருவின் வடகோடிக்கு வந்தது 1840களின் தொடக்கத்தில். 1869இல் அது மூடப்பட்டது. அந்த இடம் அரசு அச்சகத்துக்குப் போனது. அதாவது, அங்கு நாணயம் அச்சிடப்பட்ட காலம் முப்பது ஆண்டுகூட இல்லை. ஆயினும் அது விட்டுச்சென்ற பெயர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்துள்ளது. கம்பெனியின் செல்வத்துக்கு அடிப்படையாக இருந்த சலவையாளரின் பெயரோ தெருவிலிருந்து மறைந்துவிட்டது.

இதில் இன்னொரு படிப்பினையும் உண்டு. 'தங்கசாலை' என்பதைத் தங்கம் விற்கும் சாலை என்று இன்று பலர் பொருள்கொள்கிறார்கள். நகைக்கடைகள் அருகில் இருப்பது அந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. ஆனால் சாலை என்பது இங்கு வீதி அன்று. பாடசாலை, தொழிற்சாலை என்பவற்றில் உள்ளதுபோலக் கூடம், பணியிடம் என்ற பொருளுடையது. 'டங்கசாலை' என்ற வடசொல் நாணயம் அச்சிடும் இடத்தைக் குறிக்கும். அதுவே தமிழில் தங்கசாலை ஆனது. 'தங்கசாலைத் தெரு' என்று தெரு என்ற சொல் தனியாக நிற்பதே இதற்கு அடையாளம். சாலை என்பது வீதியாக இருந்தால் பக்கத்தில் தெரு தேவைப்பட்டிருக்காது.

இதே வகைத் தடுமாற்றம் ஜார்ஜ் டவுனுக்கு வடக்கே திருவொற்றியூரிலும் உண்டு. அங்குள்ள காலடிப்பேட்டை, பெயரைக் கேட்டால் யாரோ ஒருவரின் காலடி பட்ட இடம்போலத் தோன்றும். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு அது. 'காலெட் பேட்டை' என்ற பெயர் தமிழ் நாவில் திரிந்து, தமிழுக்குப் பொருள் தரும் சொல்லாக மாறிவிட்டது.

சந்தை போனபின் நிற்கும் பெயர்

பொருளின் பெயரால் அமைந்த தெருக்கள் ஜார்ஜ் டவுனில் மிகுதி. பவளக்காரத் தெரு, பவளமும் வைரமும் வணிகம் செய்தவர்களின் தெரு. ஐரோப்பாவிலிருந்து வந்த யூத வணிகர்கள் இங்கு இருந்தார்கள். பவள வணிகம் போய்விட்டது; பெயர் போகவில்லை. சௌகார்பேட்டையின் பெயரில் உள்ள 'சௌகார்' வடநாட்டு மொழிகளில் வட்டிக்குக் கொடுக்கும் செல்வரைக் குறிக்கும். குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த வணிகர்கள் குடியேறியதை அப்பெயர் சொல்கிறது.

கொத்தவால்சாவடி வேறுவகை. கொத்தவால் என்பவர் சந்தையையும் விலையையும் கண்காணித்து, வரும் பொருளுக்குத் தீர்வை தண்டிய அதிகாரி. அவர் அமர்ந்த சாவடியைச் சுற்றிச் சந்தை வளர்ந்தது. எனவே இப்பெயரில் காய்கறி என்ற சொல்லே இல்லை. அந்தப் பதவி ஒழிந்தபின் 'கொத்தவால்சாவடி' என்றாலே காய்கறிச் சந்தை என்று சென்னை மக்களுக்குப் பொருளானது. 1996இல் மொத்தக் காய்கறி வணிகம் கோயம்பேட்டுக்கு மாறியது. அதிகாரியும் இல்லை, மொத்தச் சந்தையும் இல்லை. பெயர் மட்டும் இரண்டையும் தாண்டி நிற்கிறது.

வசூலிக்கப்படாத வரியின் சாலை

பகுதியின் மேற்கு எல்லையான வால்டாக்ஸ் சாலைக்கு, நடக்காத ஒன்றால் பெயர் வந்தது. 1760களின் இறுதியில் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் புறப்பகுதிவரை வந்து சென்றது. அச்சம் கொண்ட கம்பெனி, கறுப்பர் நகரைச் சுற்றி மதில் கட்டியது. கட்டிய செலவை மதிலுக்குள் வாழ்பவர்களிடமே வரியாகத் தண்டலாம் என்பது திட்டம். அந்த மதில் வரி வசூலிக்கப்படவே இல்லை. ஆயினும் மதிலை ஒட்டிய பாதைக்கு ஆங்கிலத்தில் 'மதில் வரிச் சாலை' என்று பொருள்படும் பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவே மக்கள் நாவில் வால்டாக்ஸ். மதிலின் ஒரு துண்டு ராயபுரத்தில் மாடிப் பூங்கா என்ற பெயரில் எஞ்சியுள்ளது. சாலைக்கு இப்போது வ.உ.சி. சாலை என்பது அரசுப் பெயர். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுநரிடம் சொல்லும் பெயர் வால்டாக்ஸ்தான்.

தலைவர்களின் பெயர்

தலைவர்களின் பெயர் வைப்பது மேலிருந்து திணிக்கப்படுவது, இடத்தோடு தொடர்பில்லாதது என்று பொதுவாகக் குறை சொல்வதுண்டு. எப்போதும் அப்படியல்ல என்பதற்குப் பிராட்வே சான்று.

முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே நீர் தேங்கும் பள்ளமான நிலம் இருந்தது. 1778இல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் போபம் என்ற வழக்கறிஞர் அந்த நிலத்தை மேம்படுத்தி அகலமான சாலை ஒன்றை உருவாக்கினார். அதனால் அது 'போபம் பிராட்வே' எனப்பட்டது. காலப்போக்கில் போபம் உதிர்ந்து 'பிராட்வே' மட்டும் எஞ்சியது. விடுதலைக்குப் பின் இது பிரகாசம் சாலை ஆனது.

இந்தப் பெயர் தற்செயலாக வைக்கப்பட்டதன்று. 1928 பிப்ரவரியில் சைமன் குழுவை எதிர்த்துச் சென்னையில் கடையடைப்பு நடந்தபோது, பாரிமுனைப் பகுதியில் காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். அப்போது துப்பாக்கி முனையில் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி நின்றவர் தங்குதூரி பிரகாசம். பின்னாளில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராகவும், 1953இல் உருவான ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் இருந்தார். அவர் மார்பைத் திறந்து நின்ற இடத்துக்கு அருகிலேயே அவர் பெயரைத் தாங்கிய சாலை தொடங்குகிறது. ஆயினும் பேச்சில் பிராட்வே மாறவில்லை. அங்கிருந்த பேருந்து நிலையம் அப்பெயரை ஊர் முழுதும் கொண்டுசென்றது. அதேபோல் சைனா பஜார் சாலை நேதாஜி பெயரில் என்.எஸ்.சி. போஸ் சாலை ஆனது. இந்தப் புதுப்பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கி வணிகர் முகவரியில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஆணைப்பெயர் நிலைப்பது, அதைச் சொல்வது எளிதா, கடிதத்திலும் கடைப் பலகையிலும் தினமும் எழுதப்படுகிறதா என்பதைப் பொறுத்தும் அமைகிறது.

நீக்கமும் அதன் சிக்கலும்

1970களின் பிற்பகுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை நீக்கத் தமிழக அரசு முனைந்தது. பின்னொட்டை மதிப்புக்கு உரியதாகவும் இழிவுக்கு உரியதாகவும் சமூகம் பிரித்து வைத்திருந்ததே அதன் காரணம். அந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டி, லிங்கி செட்டி போன்ற பழைய வணிகர்களின் பெயர்கள் தெருக்களுக்கு உள்ளன. பின்னொட்டை எடுத்தால் எஞ்சும் பாதிப் பெயர் யாரையும் அடையாளம் காட்டாது. வண்ணாரப்பேட்டையிலோ தொழிலும் சாதியும் ஒரே சொல்லில் பிணைந்துள்ளன. அந்தச் சொல்லை எடுத்தால் இழிவு நீங்கலாம். சென்னைத் துணியை உலகச் சந்தைக்கு ஏற்றதாக்கிய உழைப்பாளிகளுக்கு நகர வரைபடத்தில் எஞ்சியிருக்கும் அடையாளமும் கூடவே நீங்கும். தங்கசாலைத் தெருவில் இது ஆணை எதுவும் இல்லாமலே ஒருமுறை நடந்துவிட்டது.