நேயர் விருப்பம் முதல் முதல் நடனம் வரை: பாடல் சமர்ப்பணமும் அதற்கான குறிப்பும்

திருமண வரவேற்பில் மணமக்கள் இருவரும் தனியாக ஆடித் தொடங்கிவைக்கும் ஆட்டம் 'முதல் நடனம்' எனப்படுகிறது. ஐரோப்பிய அரசவை விருந்துகளில் உயர்நிலையில் உள்ள இணையர் முதலில் ஆடிய பிறகே மற்றவர்கள் ஆட வருவது வழக்கம். திருமண விருந்தில் அந்த முதன்மை மணமக்களுக்குக் கிடைத்தது. 1983-க்குப் பின் கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளில் பெருமளவில் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்களின் வரவேற்புகளிலும் இது இடம்பெறத் தொடங்கியது. இப்போது நம் ஊர் மண்டபங்களிலும் ஆங்காங்கே காண முடிகிறது.

ஆடுவது நமக்குப் புதிது. ஆனால் ஒரு பாடலைத் தேர்ந்து, இன்னாருக்கு இன்ன காரணத்தால் இதை அளிக்கிறோம் என்று நாலு பேர் கேட்கச் சொல்வது புதிதன்று. அதற்குத் தமிழில் எழுபது ஆண்டுப் பழக்கம் உண்டு.

அஞ்சலட்டையில் வந்த விருப்பம்

1952-இல் பி. வி. கேஸ்கர் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாஸ்திரிய இசைக்கே அவர் முதலிடம் அளித்ததால் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் குறைந்து, பிறகு ஏறத்தாழ மறைந்தே போயின. பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னரும் தென்மாவட்டங்களில் கொழும்புக்கு இருந்த செல்வாக்குக் குறையவில்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் வீட்டு மனிதர்களின் குரல்களைப் போலப் பழகிப்போயின.

நேயர் விருப்பத்துக்கு எழுதும் அஞ்சலட்டையில் இடம் மிகக் குறைவு. பாடல், படம், கேட்பவர் பெயர், ஊர் ஆகியவற்றை எழுதினால் அட்டை நிறைந்துவிடும். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் வாழ்த்துபவர்களின் உறவுமுறையும் சேர்ந்து வரும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று வரிசையாக வாசித்துவிட்டுத்தான் பாடலை ஒலிக்கவிடுவார்கள். யார், யாருக்கு, எதற்காக என்ற மூன்றையும் பாடலுக்கு முன்பே சொல்லிவிடும் இந்த ஒழுங்கே சமர்ப்பணக் குறிப்பின் எலும்புக்கூடு.

நத்தத்துக் கல்யாண வீட்டில் மைக்செட்

நத்தம் பகுதியில் அக்காலத்துக் கல்யாணம் என்றால் பந்தலுக்கு முன்பே மைக்செட் வந்துவிடும். மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டால்தான் அது கல்யாண வீடு. பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல்தான் அடங்கும். நீண்ட பாடலின் மீதி மறுபக்கத்தில் இருக்கும். தட்டைத் திருப்பாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டால் பிற்பாதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பாடலின் தொடக்கத்தை மட்டும் வைத்து அதன் பொருளை முடிவு செய்யும் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

அதன் விளைவுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. விட்னி ஹூஸ்டன் 1992-இல் 'தி பாடிகார்ட்' படத்துக்காகப் பாடிய புகழ்பெற்ற பாடலைப் பலர் திருமணங்களில் ஒலிக்கவிடுகிறார்கள். அதை முதலில் எழுதிப் பாடியவர் டாலி பார்ட்டன். தம்மை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரின் நிகழ்ச்சியை விட்டு விலகும்போது, அவரிடம் விடைபெறுவதற்காக எழுதியது அது. அன்பு அதில் நிறைய இருக்கிறது. ஆனால் அது பிரிந்து போகிறவரின் அன்பு.

மூன்று கேள்விகள்

பாடலை முடிவு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். பாடலில் பேசுவது யார், யாரிடம்? எந்தச் சூழலில்? கடைசிச் சரணம் எங்கே கொண்டுபோய் விடுகிறது?

அண்மையில் என் பழைய மாணவி ஒருவர், வெளிநாட்டில் நடக்கவிருந்த தம் மகளின் வரவேற்புக்கு ஒரு பாடல் சொல்லும்படி கேட்டார். மகள் தேர்ந்திருந்த பாடலின் மெட்டு இனிமையானதுதான். ஆனால் கடைசிச் சரணத்தில் காதலன் திரும்பி வரவே மாட்டான் என்பது தெளிவாகிவிடுகிறது. முன்வரிசையில் உட்காரப்போகும் பாட்டி கணவரை இழந்தவர்; தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் புரிந்தவர். பேத்தி மெட்டைக் கேட்டு ஆடும் நேரத்தில் பாட்டி சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதைச் சொன்னதும் அந்தப் பாடலை விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பதிலாகப் பாட்டியிடமே கேட்டார்கள். அவர் சொன்னது 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாடல். 1961-இல் வந்த அப்படத்துக்கு இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. இப்பாடலை எழுதியவர் கண்ணதாசன், பாடியவர் எல். ஆர். ஈஸ்வரி. நத்தத்தில் பாட்டியின் கல்யாணத்தன்று மைக்செட்டில் இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்களாம்.

உடனே இரண்டு தடைகள் எழுந்தன. ஒன்று, படம் அண்ணன் தங்கை இருவரின் மரணத்தில் முடிகிறது. ஆனால் பாடல் நிகழும் சூழல் மகிழ்ச்சியான திருமணம். அதன் சொற்களில் துயரம் இல்லை. படத்தின் முடிவு வேறு, பாடலின் முடிவு வேறு. துயரம் பாடலுக்குள்ளேயே இருந்தால்தான் விலக்க வேண்டும். மற்றொன்று, பாடலில் பேசுவது மணமகன் அல்லன். மணப்பெண்ணைத் தோழியர் கேலியும் அன்புமாக அழைக்கிறார்கள். மணமக்கள் மட்டும் ஆடினால் அந்தக் குரலுக்கு மேடையில் ஆளே இல்லாமல் போய்விடும். ஆகவே, தோழிகள் நால்வர் மணமகளை ஆடியபடி அழைத்து வந்து மணமகனிடம் சேர்த்துவிட்டு விலகுவது, அதன்பின் இருவரும் ஆடுவது என்று மாற்றினார்கள்.

குறிப்பு எழுதும் முறை

மகள் முதலில் எழுதிய குறிப்பு ஒரு பக்கம் நீண்டது. காதல் என்றால் என்ன என்ற விளக்கம்தான் அதில் நிறைய இருந்தது; பாட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய அஞ்சலட்டையின் ஒழுங்கில் அதைச் சுருக்கினோம். இறுதியில் வாசிக்கப்பட்டது இது:

"இந்தப் பாடல் எங்கள் அம்மாச்சிக்கு. நத்தத்தில் அவர் கல்யாணத்தன்று மைக்செட்டில் ஒலித்தது. தோழிகள் மணப்பெண்ணை அழைத்து வரும் பாட்டு என்பதால் என் தோழிகள் முதலில் ஆடுகிறார்கள். அன்று அம்மாச்சி தலைகுனிந்து உட்கார்ந்து கேட்டாராம். இன்று அவர் நிமிர்ந்து பார்க்க, நாங்கள் ஆடுகிறோம்."

இதை வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது. யாருக்கு என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பாடலின் பொருள், தமிழ் தெரியாத விருந்தினருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லும் அளவுக்கு ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. பாடல் வரியை எடுத்து வாசிக்கவில்லை. அடுத்த நொடியில் அதையே கேட்கப்போகிறார்கள். இத்தகைய குறிப்பைப் பாடலுக்கு முன்னால்தான் வாசிக்க வேண்டும். பாடல் முடிந்தபின் வாசித்தால், கேட்டதை மறுபடி கேட்க முடியாது.

நடனத்துக்காகப் பாடலைச் சுருக்கும்போதும் கவனம் தேவை. தொடக்கத்தை மட்டும் வைத்து நடுவே நிறுத்தினால், தட்டைத் திருப்பாத மைக்செட்காரர் செய்த அதே பிழைதான். ஒரு சரணத்தை முழுவதும் நீக்கிவிட்டுப் பல்லவியில் முடிப்பதே பொருந்தும்.

வரவேற்பு முடிந்து ஒரு வாரம் கழித்து மாணவி தொலைபேசியில் பேசினார். குறிப்பை வாசித்தபோது பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். பாட்டுத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்தவரிடம், "அன்னைக்கு இதுக்கு இடையில ரெண்டு தடவை கரண்டு போச்சு" என்றாராம்.