இனவாரி பட்ஜெட்டும் செயலாக்க பட்ஜெட்டும்: ஒரு வரலாற்று ஆய்வு

சர்க்கார் இலாகா ஒன்றுக்குப் பணம் ஒதுக்கும்போது இரண்டு விதமாக எழுதலாம். சம்பளத்துக்கு இவ்வளவு, பிரயாணப்படிக்கு இவ்வளவு, எழுதுபொருளுக்கு இவ்வளவு என்று வாங்கப்படும் பொருள்களையும் சேவைகளையும் இனம் இனமாகப் பிரித்து எழுதுவது ஒரு முறை. இத்தனை மைல் சாலை செப்பனிட இவ்வளவு, இத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட இவ்வளவு என்று, நிறைவேற வேண்டிய காரியத்தையும் அதற்காகும் செலவையும் சேர்த்து எழுதுவது மற்றொரு முறை. முன்னதை இனவாரி பட்ஜெட் என்றும் பின்னதைச் செயலாக்க பட்ஜெட் என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். முன்னது பழமைவாதிகளுடையது, பின்னது சீர்திருத்தக்காரர்களுடையது என்றும், பின்னது முன்னதை வென்று முன்னேறுவதே வரலாற்றின் போக்கு என்றும் பாடநூல்களில் ஒரு கருத்து நிலவுகிறது. மூல நிகழ்ச்சிகளை நோக்கினால் இக்கருத்து நிற்கவில்லை. இவ்விரண்டும் ஒரே நகரத்தில், ஒரே ஸ்தாபனத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவெடுத்தவை.

அந்த நகரம் நியூயார்க். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்தின் நிர்வாகம் டாமனி ஹால் என்னும் கட்சி இயந்திரத்தின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது. இலாகாக்களுக்கு மொத்தத் தொகைகள் வழங்கப்பட்டன. அத்தொகை எவருடைய கையில் சென்று சேர்ந்தது என்று கேட்பதற்கு உரிய கணக்கே இருக்கவில்லை. இந்நிலையில் வில்லியம் ஆலன், ஹென்றி புரூயர், பிரெடெரிக் கிளீவ்லண்ட் ஆகிய மூவரும் முன்னின்று நடத்திய நகராட்சி ஆராய்ச்சிக் கழகம் 1907-இல் முறையாகப் பதிவு பெற்றது. மன்ஹாட்டன் பகுதியின் பொதுப்பணிச் செலவுகளை இக்குழுவினர் ஆராய்ந்து வெளியிட்ட குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து, அப்பகுதியின் தலைவர் ஜான் அஹேர்ன் அதே ஆண்டின் இறுதியில் ஆளுநர் ஹியூஸால் பதவியினின்று விலக்கப்பட்டார்.

இங்கு கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. அதே 1907-இல் இக்கழகம் நகரத்தின் சுகாதார இலாகாவுக்காக முன்வைத்த மாதிரி பட்ஜெட் இனவாரியாக அமைந்ததன்று. தொற்றுநோய்த் தடுப்பு, பால் பரிசோதனை போன்ற பணிகளைத் தலைப்புகளாகக் கொண்டு, செய்த வேலையின் புள்ளிவிவரத்தைச் செலவோடு இணைத்துக் காட்ட முயன்றது. அதாவது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் புதுமையென்று கொண்டாடப்பட்ட கருத்து தொடக்கத்திலேயே அவர்கள் மனத்தில் இருந்தது. ஆயினும் நடைமுறையில் வென்றது இனவாரி முறையே. இல்லாத பதவிக்குச் சம்பளம் எழுதுவதும், வராத சாமானுக்குப் பட்டியல் போடுவதும் சாதாரணமாக நடக்கும் இடத்தில், முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அதுவே என்று அவர்கள் கண்டார்கள். எனவே ஒவ்வொரு பதவியும், ஒவ்வொரு வகைக் கொள்முதலும் தனித்தனி ஒதுக்கீடாகப் பிரிக்கப்பட்டது. ஓர் இனத்தில் மிஞ்சியதை மற்றோர் இனத்துக்கு மாற்ற அதிகாரிக்கு உரிமை இல்லாமற் போயிற்று. 1913-ஆம் ஆண்டின் நகர பட்ஜெட்டில் இவ்விதமான தனி இனங்கள் ஏறத்தாழ 4000-ஐ எட்டின.

திருட்டைத் தடுத்த இவ்வேலி, நேர்மையான அதிகாரியையும் அசையவொட்டாமல் நிறுத்திற்று. சாலைப் பகுதியில் குதிரைத் தீவனத்துக்கென்று ஒதுக்கிய பணம் மிஞ்சியிருக்க, கல்லும் தாரும் வாங்கப் பணமின்றி வேலை நின்றுபோகுமானால், அந்த இலாகா ஒழுங்காகத்தான் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் சாலை மட்டும் செப்பனிடப்படவில்லை. இந்த முரண்பாட்டைக் கழகத்தினரே விரைவில் உணர்ந்தார்கள். 1913 முதல் 1915 வரை ரிச்மண்ட் பகுதியில், அதாவது ஸ்டேட்டன் தீவில், பொதுப்பணிகளுக்கு ஓர் அடக்கவிலை பட்ஜெட் சோதித்துப் பார்க்கப்பட்டது. அச்சோதனை நிலைபெறவில்லை. அது போன்ற எந்த ஏற்பாட்டுக்கும் ஓர் அபாயம் இயல்பாகவே உண்டென்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு மைலுக்கு இவ்வளவு என்னும் அடக்கவிலையை ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே கட்டுப்பாடாக எழுதிவிட்டால், அது பழைய இனங்களைக் காட்டிலும் கடுமையான இனமாகிவிடுகிறது. ஏனெனில் மழை அதிகமாகப் பெய்த ஆண்டில் எந்தப் பொறியாளராலும் அந்த விலையைக் காப்பாற்ற முடியாது.

பின்னர் நீண்ட காலம் அமெரிக்க மத்திய சர்க்காரும் மாநிலங்களும் நகரங்களும் பெரும்பாலும் இனவாரி முறையிலேயே நடந்துவந்தன. முன்னாள் ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் அமைந்த நிர்வாகச் சீரமைப்புக் குழு 1949-இல் தன் அறிக்கையில், செயலாக்க பட்ஜெட்டுக்கு ‘பெர்பார்மன்ஸ் பட்ஜெட்’ என்ற பெயரை வழக்கில் கொண்டுவந்தது. அக்குழு எடுத்துக்காட்டிய உதாரணங்களுள் பெத்தெஸ்டாவிலுள்ள கடற்படை மருத்துவமனை மிகத் தெளிவானது. ஒரே வளாகத்தில், ஒரே தலைமையின் கீழ், நோயாளிகளைக் குணப்படுத்தும் ஒரே காரியத்துக்காக இயங்கிய அம்மருத்துவமனைக்குப் பணமோ பன்னிரண்டு வெவ்வேறு கடற்படை ஒதுக்கீடுகளிலிருந்து வந்தது. கப்பல்களைப் பராமரிக்கும் பகுதியிலிருந்து ஒரு பங்கு, போர்த்தளவாடப் பகுதியிலிருந்து ஒரு பங்கு, என்று பிரிந்து பிரிந்து வந்தது. ஆகவே பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டிய எந்த மக்கள் பிரதிநிதிக்கும், அம்மருத்துவமனையை ஓராண்டு நடத்த என்ன செலவாகிறது என்ற மிக எளிய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டின் பட்ஜெட் மற்றும் கணக்கு நடைமுறைச் சட்டம் இக்குறையைப் போக்க வழிசெய்தது.

இரு முறைகளும் நடைமுறையில் எங்கே வேறுபடுகின்றன என்பதைக் காண, கற்பனையான ஒரு சாலைக் கோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பொறுப்பில் 400 கிலோமீட்டர் சாலை. ஆண்டு ஒதுக்கீடு 200 லட்சம் ரூபாய். இனவாரியாக அது இப்படி அமைகிறது: சாலைப் பணியாளர் ஊதியம் 120 லட்சம், தார், ஜல்லி, எரிபொருள் முதலியன 74 லட்சம், அலுவலகச் செலவு 6 லட்சம். நிதி இலாகா பத்தில் ஒரு பங்கை, அதாவது 20 லட்சத்தை, குறைக்கச் சொல்கிறது. நிரந்தரச் சிப்பந்திகளின் ஊதியத்தில் கை வைக்க இயலாது. அலுவலகச் செலவில் குறைக்கத்தக்கது சொற்பம். எனவே வெட்டு முழுவதும் சாமான் தலைப்பில் விழுந்து 74 லட்சம் 54 லட்சமாகிறது. ஆட்கள் அனைவரும் முழு ஊதியத்துடன் இருக்கிறார்கள், போடுவதற்குத் தார் மட்டும் இல்லை. இவ்வெட்டினால் எந்தச் சாலை கெடும் என்பதைப் பட்ஜெட் புத்தகம் சொல்வதில்லை.

அதே 200 லட்சத்தைச் செயலாக்க முறையில் எழுதுவோம்: 20 கிலோமீட்டர் சாலைக்கு மேற்பரப்பைப் புதுப்பிக்க, கிலோமீட்டருக்கு 5 லட்சம் வீதம் 100 லட்சம், எஞ்சிய 380 கிலோமீட்டரில் குழிகளை அடைக்க, கிலோமீட்டருக்கு 20,000 ரூபாய் வீதம் 76 லட்சம், சிறுபாலங்களைத் துப்புரவாக்கவும் மேற்பார்வைக்கும் 24 லட்சம். இப்போது 20 லட்சம் வெட்டென்றால் 4 கிலோமீட்டர் புதுப்பிப்பைக் கைவிடலாம் என்று தோன்றும். இங்குதான் எச்சரிக்கை வேண்டும். கிலோமீட்டருக்கு 5 லட்சம் என்பது ஊதியத்தையும் உள்ளடக்கிய சராசரி விலை; அதில் சாமானும் எரிபொருளும் இரண்டரை லட்சமே. வேலையைக் குறைத்தாலும் ஊதியம் குறையாதாகையால், 20 லட்சம் உண்மையில் மிச்சமாவதற்கு 4 அன்று, 8 கிலோமீட்டரைக் கைவிட வேண்டும். சராசரி விலையையும், வேலை கூடினால் கூடி, குறைந்தால் குறையும் விலையையும் பிரித்தறியாத செயலாக்க பட்ஜெட் இனவாரி பட்ஜெட்டைவிட அதிகமாக ஏமாற்றிவிடும். இலக்கம் துல்லியமாகத் தோன்றுவதால் அதைச் சந்தேகிக்க எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அந்தப் பகுப்பைச் செய்துவிட்டால், சட்டசபையின் முன் வைக்கும் தேர்வு தெளிவாகிறது: 20 லட்சமா, 8 கிலோமீட்டர் சாலையா என்று உறுப்பினர்கள் நேரடியாக விவாதிக்கலாம்.

இந்தியாவில் செயலாக்க பட்ஜெட் முயற்சி வேறொரு பாதையில் சென்றது. மக்களவையின் மதிப்பீட்டுக் குழு 1950-களின் பிற்பகுதியில் இதைப் பரிந்துரைத்தது. நிர்வாகச் சீர்திருத்த ஆணைக்குழு 1968-இல், வளர்ச்சித் திட்டங்களை நேரடியாக நடத்தும் இலாகாக்களும் நிறுவனங்களும் இம்முறையை மேற்கொள்ள வேண்டுமென்று சொல்லிற்று. எல்லா இலாகாவும் என்று அது சொல்லவில்லை என்பதே அதன் விவேகம். அவ்வாண்டே தேர்ந்தெடுத்த சில அமைச்சகங்களின் செயலாக்க பட்ஜெட் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1974 ஏப்ரல் முதல் கணக்குத் தலைப்புகளும் பணிகளையும் திட்டங்களையும் காட்டும்படி மாற்றியமைக்கப்பட்டன. இத்தனையும் சரியான திசையில் சென்றவையே.

எனினும் ஓர் அடிப்படைக் குறை நீடித்தது. உறுப்பினர்கள் வாக்களித்தது மானியக் கோரிக்கைக்கு; செயலாக்க பட்ஜெட்டோ அதனுடன் தனியே அச்சிட்டு வழங்கப்பட்ட துணைப் புத்தகம். தணிக்கை அதிகாரி பார்த்ததும் மானியக் கோரிக்கையின் இனங்களையே. இப்படி இரு புத்தகங்கள் இருக்குமிடத்தில், இலாகாத் தலைவர் எதற்குப் பதில் சொல்ல நேருமோ அதையே கவனிப்பார். மற்றதைக் கீழ்நிலை எழுத்தர் ஒருவர் சென்ற ஆண்டின் பிரதியைப் பார்த்து நிரப்பிவிடுவார். இந்நோயைக் கண்டறிவது கடினமன்று. இலக்குகள் ஆண்டுதோறும் ஒரே சதவீதத்தில் ஏறிக்கொண்டிருந்தாலும், செய்த வேலையின் அளவு குறைந்தும் செலவு முழுமையாக இருந்ததற்கு விளக்கமில்லாதிருந்தாலும், வேலை அளவைக் குறித்த பதிவேட்டுக்கும் கருவூலக் கணக்குக்கும் தொடர்பு காட்ட முடியாமற்போனாலும், அப்புத்தகம் வெறும் அலங்காரம் என்று கொள்ளலாம். 2005-இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் பயன்விளைவு பட்ஜெட்டை அறிமுகப்படுத்தியபோது, செலவழித்தது மட்டும் பலனாகிவிடாது என்ற பழைய வாதமே மீண்டும் எழுப்பப்பட்டது.

ஆகவே எந்த இலாகாவுக்கு எது பொருந்தும் என்ற கேள்வியை, இலாகாவின் வேலையின் தன்மையைக் கொண்டும் அதன் கணக்குகளின் நிலையைக் கொண்டும் தீர்ப்பதே சரி என்பது என் துணிபு. வேலை ஒரே மாதிரியான கூறுகளாகத் திரும்பத் திரும்ப நடந்து, அளக்கத்தக்கதாகி, அதன் அளவு பெரும்பாலும் இலாகாவின் முயற்சியையே பொறுத்திருக்குமானால், செயலாக்க பட்ஜெட் நற்பயன் தரும். சாலைப் பராமரிப்பு, தடுப்பூசி போடுதல், குடிநீர் வழங்குதல், நிலஅளவை, ஓட்டுநர் உரிமம் வழங்குதல் போன்றவை இத்தகையவை. இவற்றுக்கும் தரத்தைச் சோதிக்கும் ஏற்பாடு தனியே வேண்டும். இல்லையேல் குழியில் மண்ணைக் கொட்டி அடைத்ததாக எழுதுவார்கள்.

தலைமைச் செயலகம், நீதிமன்றம், தணிக்கை இலாகா போன்றவற்றில் செலவின் பெரும்பகுதி ஊதியமே. செய்யும் வேலையோ எண்ணிக்கைக்கு அடங்காதது. தீர்ப்பான வழக்குகளின் எண்ணிக்கையை அளவுகோலாக்கினால் எளிய வழக்குகள் முந்தும், கடினமானவை பின்தங்கும். போலீஸ் இலாகாவில் இது இன்னும் ஆபத்தானது: பதிவான குற்றங்கள் குறைவதைச் சாதனையென்று கொண்டால், புகாரைப் பதிவு செய்யாமல் திருப்பியனுப்புவதே அச்சாதனைக்குச் சுலபமான வழியாகிவிடும். இவ்விலாகாக்களுக்குப் பதவிகளையும் செலவினங்களையும் கட்டுக்குள் வைக்கும் இனவாரி முறையே ஏற்றது. எனினும் போலீஸ் இலாகாவினுள்ளும் வாகனப் பணிமனை, வயர்லெஸ் பராமரிப்பு போன்ற பகுதிகளுக்குச் செயலாக்க முறையைத் தனியே கையாளலாம்.

கணக்குகளின் நிலை இதைவிட முக்கியமானது. பட்ஜெட் சீர்திருத்தத்தின் வரலாற்றை 1966-இல் எழுதிய ஆலன் ஷிக், நியூசிலாந்தின் ஒப்பந்த முறையைப் பெரும்பாலான வளரும் நாடுகள் பின்பற்றக் கூடாதென்று 1998-இல் வாதிட்டதன் சாரமும் இதுவே: இனவாரிக் கட்டுப்பாடு உறுதியாக நிலைபெறாத இடத்தில், இனங்களைத் தளர்த்தி அதிகாரிக்குச் சுதந்திரம் கொடுத்தால், மிஞ்சுவது சுதந்திரம் மட்டுமே. சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு ஆட்கள் உண்டா, சாமான் இருப்புப் பதிவேடு கிடங்கோடு ஒத்திருக்கிறதா, மாதக் கணக்கு மறுமாதத்திலேயே கருவூலத்தோடு சரிபார்க்கப்படுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய சாலைக் கோட்டத்தில், சாமானுக்கும் எரிபொருளுக்குமிடையே பணத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பொறியாளருக்கு அளித்து, பதவிகளின் எண்ணிக்கையையும் பிரயாணப்படியையும் மட்டும் இனவாரியாகக் கட்டி வைக்கலாம். அப்படிச் சொல்ல இயலாத கோட்டத்தில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பதிவேடுகளைச் சீர்செய்வதற்கே ஒதுக்க வேண்டும்; அதுவரை அங்கு இனவாரி பட்ஜெட்டே நீடிக்கலாம்.