குளியலறைக் கசிவு: செலவு யாருடையது?

வாடகை வீட்டுக் குளியலறையின் சுவரில் ஓதம் ஏறினால், 'நீங்கள் தண்ணீரைக் கொட்டியதால் வந்தது' என்பார் உரிமையாளர். 'நான் வரும்போதே இருந்தது' என்பார் வாடகைதாரர். முன்பணத்தைத் திருப்பித் தரும் நாளில்தான் இந்த வழக்கு முற்றுகிறது. செலவு யாருடையது என்பதற்குச் சட்டத்தில் விடை உண்டு. ஆனால், அந்த விடை திருத்தணிக்கு ஒன்றாகவும், சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கனகம்மாசத்திரத்துக்கு வேறொன்றாகவும் இருப்பதைப் பலர் அறிவதில்லை.

திருத்தணி நகராட்சி. நகர்ப்பகுதிகளுக்கு உரிய 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது அட்டவணை பராமரிப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதும், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் உரிமையாளரின் பொறுப்பு. திருகுகுழாய், அதன் வாஷர், கழிவறைக் கோப்பை, கைகழுவும் தொட்டி, வெந்நீர்க் கருவி ஆகியவற்றின் பழுதும் வடிகால் அடைப்பும் வாடகைதாரரின் பொறுப்பு. சுவருக்குள் இருப்பது அவருடையது, கைக்கு எட்டுவது இவருடையது என்று நினைவில் கொள்ளலாம்.

கனகம்மாசத்திரமோ ஊராட்சி. அங்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவையே நாட வேண்டும். அதன்படி, இயல்பான தேய்மானம் நீங்கலாக, வீட்டைப் பெற்ற நிலையிலேயே வைத்திருக்க வாடகைதாரர் கடமைப்பட்டவர். உரிமையாளர் எந்தப் பழுதையெல்லாம் நீக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இல்லை. அவர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரர் தாமே செய்து அச்செலவை வட்டியுடன் வாடகையில் கழிக்கலாம் என்று மட்டுமே கூறுகிறது. அந்தக் கடமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் வாதத்துக்கு இடமில்லை. எனவே, ஊராட்சிப் பகுதியில் வீடு எடுப்போர், நகரச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பிரிவினையை நான்கு வரிகளில் தம் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது என்பேன்.

பிரிவினை தெரிந்தாலும், கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். குளியலறையை ஓரிரு நாள் பயன்படுத்தாதபோதும் ஓதம் குறையவில்லை என்றால், எப்போதும் நீர் நிற்கும் குழாயை ஐயுறலாம். குளித்த பின் மட்டும் ஈரம் பரவினால், தரையின் இணைப்புகளையோ வடிகாலையோ பார்க்க வேண்டும். வடிகாலின் வாயைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குல நீரை ஒரு நாள் தேக்கினால் தரையின் நிலை புலப்படும். நீர் வடிய மறுப்பது மட்டுமே குறை என்றால் அது அடைப்பு, வாடகைதாரரின் செலவு.

இனி ஒரு கணக்கு. மாத வாடகை ரூ.8,000. சுவருக்குள் வெடித்த குழாயை மாற்ற ரூ.9,500, புதிய திருகுகுழாய்க்கு ரூ.500 செலவானது எனக் கொள்வோம். ரூ.500 வாடகைதாரருடையது. உரிமையாளர் மறுத்த நிலையில் செய்த ரூ.9,500-ஐத் திருத்தணியில் ஒரே மாதத்தில் கழிக்க இயலாது. மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது என்பது 2017 சட்டத்தின் வரம்பு. ஆகவே ரூ.4,000, ரூ.4,000, ரூ.1,500 என மூன்று மாதங்களில் கழியும். 108-ஆவது பிரிவில் அத்தகைய மாத வரம்பு இல்லை.

உரிமையாளருக்கு முன்னரே தெரிவித்தோம் என்பதை மெய்ப்பிக்காமல் கழித்தால், அது வெறும் வாடகை நிலுவையாகவே தோன்றும். ஆகவே, குடியேறும் நாளில் குளியலறையின் நான்கு சுவர்கள், தரை, கூரை, குழாய்கள் ஆகியவற்றைப் படமெடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். பழுது தோன்றியதும் தொலைவிலிருந்து ஒரு படமும் அருகிலிருந்து ஒரு படமும் எடுத்து, இவ்வாறு எழுதலாம்: 'ஐயா, ஜூன் 3 முதல் குளியலறையின் கிழக்குச் சுவரில் ஓதம் ஏறுகிறது. படங்கள் இணைத்துள்ளேன். சுவருக்குள் உள்ள குழாய் கசிவதாகப் பிளம்பர் கூறுகிறார், மதிப்பீடு ரூ.9,500. ஜூன் 18-க்குள் சரிசெய்து தர வேண்டுகிறேன்.' தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்ப வேண்டும்.

வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பும்போது, படக்கோப்பினுள் பதிந்த எடுத்த நேரம் நீங்கிவிடுகிறது. ஆதலால் மூலப்படத்தைக் கைப்பேசியிலிருந்து அழிக்கக் கூடாது. நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு சான்றிதழ் கோருகிறது. இதே பதிவுகள் உரிமையாளரையும் காக்கும்: குடியேறிய நாளில் முழுமையாக இருந்த கழிவறைக் கோப்பை இன்று விரிசலுற்றிருந்தால், அந்தப் படமே அவருக்கும் சாட்சி.