அடுக்குப் பொதுமையாக்கம்

பல கணிப்பு மாதிரிகளின் விடைகளையே உள்ளீடாகக் கொண்டு, எதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை மேல்நிலை மாதிரி ஒன்று கற்றுக்கொள்ளும் இம்முறையை 1992-இல் டேவிட் வோல்பர்ட் பிரசுரித்தார். கீழ்நிலை மாதிரிகள் தாம் பயின்ற தரவுக்கே கூறிய விடைகளை மேல்நிலைக்கு அளிப்பதே இதில் நேரும் பிரதான தோஷம். மிக நெருங்கிய ஒரே அயற்புள்ளியைப் பார்த்து விடைசொல்லும் மாதிரி, பயின்ற தரவில் தன்னையே அயலாகக் காண்பதால் பிழையற்றதுபோல் தோன்ற, மேல்நிலையும் ஏமாந்து முழு மதிப்பையும் அதற்கே வழங்கிவிடும். புதிய தரவு வந்ததும் கணிப்பு சரியும். ஆகவே தரவை ஐந்து கூறாக்கி, நான்கில் பயிற்றி, எஞ்சிய கூறுக்கு விடை பெற்று, இவ்வாறு ஐந்து முறை சுழற்றிச் சேர்த்த விடைகளாலேயே மேல்நிலையைப் பயிற்றல் வேண்டும். தரவில் விடுபட்ட எண்களை நிரப்பும் சராசரியையும் ஒவ்வொரு சுழற்சியிலும் அந்நான்கு கூறுகளிலிருந்தே கணித்தல் அவசியம். பலர் வழுக்குவது இங்கேதான்.