41 நகல்களிலிருந்து ஒரு வரலாறு

2012-இல் எங்கள் அலுவலகத்தின் பொது ஃபோல்டரில் ஒரே மென்பொருளின் 41 நகல்கள் இருந்தன. கூட்டுறவுச் சங்கங்களுக்கான நகைக்கடன் கணக்கு அது. விஷுவல் பேசிக்கில் எழுதியது. ஏழு பேர் வேலை பார்த்தோம். பெரிய மாற்றம் செய்யுமுன் மொத்த ஃபோல்டரையும் காப்பி எடுத்து `Loan_12Mar2009`, `Loan_final`, `Loan_final_new` என்று பெயர் வைத்துவிடுவார்கள். வீட்டில் பழைய ரசீதுகளைக் கட்டிப் பரணில் போடுவது போலத்தான்.

ஒரு சங்கத்தில் அபராத வட்டி சில்லறைப் பைசா கணக்கில் தப்பாக வருகிறது என்று தணிக்கையாளர் கண்டுபிடித்தார். அந்தப் பிழையை ஏற்கனவே சரிசெய்த ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் திருத்தம் நிரலில் இல்லை. எங்கே போயிற்று என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் கிட்டுக்கு மாறுவது என்று முடிவாயிற்று.

லினக்ஸுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது கிட். அவர் லினக்ஸ் நிரலை அதில் ஏற்றியபோது பழைய வரலாற்றை ஏற்றவில்லை, 2.6.12-rc2 என்ற பதிப்பிலிருந்து புதிதாக ஆரம்பித்தார். முந்தைய வரலாற்றைப் பிற்பாடு வேறு ஆட்கள் தனியாக மாற்றி வைத்தார்கள். எங்களிலும் சிலர், "கடைசிக் காப்பியை மட்டும் போட்டு ஆரம்பிக்கலாமே" என்றார்கள். காணாமல் போன திருத்தம் இருக்கும்போது அது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் வேலை, 41 நகல்களையும் காலவரிசையில் அடுக்குவது. ஃபோல்டரின் பெயரை நம்ப முடியாது. விண்டோஸில் காப்பி எடுத்தால் கோப்பு உருவான தேதி மாறிவிடும். கடைசியாகத் திருத்திய தேதி மாறாது. அதனால் ஒவ்வொரு நகலிலும் மிகப் பிந்தித் திருத்திய நிரல் கோப்பின் தேதியையே அந்த நகலின் தேதியாக எடுத்துக்கொண்டோம். `Loan_final_new` உண்மையில் `Loan_final`-க்கு நான்கு மாதம் முந்தியது என்று அப்போதுதான் தெரிந்தது!

பிறகு ஒவ்வொரு நகலையும் அதற்குரிய பழைய தேதியோடு ஒரு கமிட்டாக, அதாவது கணக்குப் பேரேட்டில் ஒரு பதிவாக, ஏற்றினோம். இரண்டாவது நகலிலிருந்து செய்தது இதுதான்:

```
git rm -rq .
cp -a ../copies/Loan_12Mar2009/. .
git add -A
D="2009-03-12T18:00:00+0530"
GIT_COMMITTER_DATE="$D" git commit --date="$D" -m "12Mar2009 copy"
```

முதல் வரியை விட்டால், இடையில் நீக்கப்பட்ட கோப்புகள் என்றும் நீக்கப்படாதது போல நின்றுவிடும். இன்னொரு தொல்லை வரிமுடிவு. சிலருடைய எடிட்டர் வரிமுடிவுக் குறியை மாற்றி எழுதும். ஒரு வரி திருத்தினாலும் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும். அதற்காகத் தொடங்குமுன்பே `core.autocrlf`-ஐ `true` என்று வைத்தோம்.

இதற்கும் எல்லை உண்டு. இரண்டு நகல்களுக்கு நடுவே மூன்று மாதம் இருந்தால் அந்த மூன்று மாத வேலையும் ஒரே பதிவாகத்தான் வரும். யார் எந்த வரியை எழுதினார் என்று அதில் தெரியாது. அப்படிப்பட்ட இடங்களில் ஊகித்து ஆள் பெயர் போடாமல், "நகலிலிருந்து ஏற்றியது" என்று மட்டும் குறித்தோம்.

எல்லாம் ஏறியதும் அந்த வட்டித் திருத்தத்தைத் தேடினோம். பைசாவைச் சரிசெய்யும் வரியில் `RoundPaise` என்ற சொல் வந்தாக வேண்டும்.

```
git log -S"RoundPaise" -- Interest.bas
```

இரண்டே பதிவுகள் வந்தன. 2011 மார்ச் நகலில் அந்த வரி சேர்ந்திருக்கிறது. ஏப்ரல் நகலில் போய்விட்டிருக்கிறது. ஒருவர் ஜனவரி நகலைத் தன் கணினிக்கு எடுத்துப்போய் வேறொரு வேலை செய்துவிட்டு, மொத்தக் கோப்பையும் பொது ஃபோல்டரில் திரும்பப் போட்டிருக்கிறார். மார்ச்சில் இன்னொருவர் செய்த திருத்தம் அதன் அடியில் போய்விட்டது. வேண்டுமென்று யாரும் அழிக்கவில்லை. அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தோம்.

ஆட்களைப் பழக்குவதுதான் அதிக நாள் பிடித்தது. இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்தினால் கிட் `<<<<<<<` என்று குறிபோட்டு நிறுத்திவிடும். முதல் தடவை பார்ப்பவர் எதையோ கெடுத்துவிட்டதாகப் பயந்துபோவார். அதனால் ஒரு பொய்யான மென்பொருளை வைத்து, சனிக்கிழமை மத்தியானங்களில் இருவர் இருவராக உட்காரவைத்து, வேண்டுமென்றே ஒரே வரியைத் திருத்தச் சொன்னோம். இருவரும் பேசி, எந்த வரி நிற்க வேண்டும் என்று முடிவுசெய்து, குறிகளை நீக்கிக் கமிட் செய்ய வேண்டும். கட்டளைகள் ஐந்தாறுக்கு மேல் சொல்லித் தரவில்லை. பொது ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதித்துப் பூட்டினோம். அதைச் செய்யாவிட்டால் அவசரத்தில் எல்லோரும் பழைய வழிக்கே போயிருப்பார்கள்.

எங்களில் மூத்தவர் மட்டும், "காப்பி இல்லாம எனக்குத் தூக்கம் வராது சார்" என்றார். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். அவருடைய டி டிரைவில் இருந்த கடைசிக் காப்பியின் தேதி 2013 பிப்ரவரி.