போன்ல இருந்து ஜிமெயில் அக்கவுண்ட்டை நீக்கினா மெயில் எல்லாம் போயிடுமா? முதல்ல அவுட்பாக்ஸை பாருங்க!

'மெயில் வரலையா? அக்கவுண்ட்டை ரிமூவ் பண்ணிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்க'. மொபைல் கடையில் தொடங்கி ஆபிஸ் நண்பர் வரை எல்லோரும் சொல்லும் வைத்தியம் இது. பல நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் இதைச் செய்யும்போது எது போகும், எது திரும்பி வரும் என்று தெரியாமல் கை வைத்தால் சிக்கல்தான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி இடம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துதான் இந்தக் கணக்கு. அது நிரம்பிவிட்டால் புது மெயில் வராது. அக்கவுண்ட்டை நீக்கிச் சேர்த்தாலும் பலன் இல்லை. ஜிமெயில் ஆப்பில் மேலே இருக்கும் புரொஃபைல் படத்தைத் தொட்டால் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். அங்கே பிரச்னை இல்லை என்றால், Settings-ல் உங்கள் அக்கவுண்ட்டுக்குள் போய் Sync Gmail டிக் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடலாம்.

எது போகும், எது போகாது?

மெயில்கள் இருப்பது கூகுள் சர்வரில். போனில் இருப்பது அதன் நகல் மட்டுமே. அதனால் அக்கவுண்ட்டை நீக்கினால் நகல்தான் போகும். கூகுளில் சேமித்த கான்டாக்ட்ஸும் காலண்டரும் போனில் இருந்து மறையும். திரும்பச் சேர்த்ததும் வந்துவிடும். டவுன்லோடு செய்து வைத்த பைல்கள் போனிலேயே இருக்கும்.

சர்வருக்குப் போய்ச் சேராத விஷயங்கள்தான் திரும்பி வராது. ஒரு உதாரணம். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், நெட் சரியில்லாத நேரத்தில் ரெஸ்யூமே இணைத்து மெயில் அனுப்புகிறார். 'அனுப்பியாச்சு' என்று நினைக்கிறார். ஆனால் அது Outbox-ல் சிக்கிக் கிடக்கிறது. இந்த நிலையில் அக்கவுண்ட்டை நீக்கினால், அந்த மெயில் அனுப்பப்படாமலேயே காணாமல் போகும். சர்வரில் தேடினாலும் கிடைக்காது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கம்ப்யூட்டரிலோ வேறு போனிலோ பிரவுசரில் mail.google.com திறந்து, அங்கே Sent, Drafts இரண்டையும் பாருங்கள. போனில் எழுதியது அங்கே இருந்தால் பயமில்லை. இல்லை என்றால் அந்த வாசகத்தை காப்பி செய்து வேறு இடத்தில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

போனில் மட்டும் அமைத்த கையெழுத்து, நோட்டிபிகேஷன் டோன் போன்றவற்றையும் மறுபடி அமைக்க வேண்டி வரும். அது சின்னத் தொல்லைதான்.

நீக்கும் முன் பூட்டைப் பாருங்க

பெரிய ஆபத்து மெயில் போவது இல்லை, திரும்ப உள்ளே நுழைய முடியாமல் போவது. பாஸ்வேர்டை எப்போதோ போட்டது, இன்று ஞாபகம் இருக்காது. ரெக்கவரி நம்பராகக் கொடுத்த சிம் கார்டு எப்போதோ செயலிழந்திருக்கும். 2-ஸ்டெப் வெரிபிகேஷன் வைத்திருந்தால், 'நீங்கள்தானா?' என்ற கேள்வி அக்கவுண்ட் இருக்கும் போனுக்குத்தான் வரும். இருந்த ஒரே போனில் இருந்தும் எடுத்துவிட்டால் அந்தக் கேள்வி எங்கே வரும்?

எனவே நீக்குவதற்கு முன்பே வேறு கருவியில் பாஸ்வேர்டு போட்டு நுழைந்து பாருங்கள். myaccount.google.com-ல் ரெக்கவரி நம்பர் இப்போது கையில் இருப்பதுதானா என்று சரிபாருங்கள். 2-ஸ்டெப் இருந்தால், அதே பக்கத்தில் கிடைக்கும் 10 பேக்அப் கோடுகளை பேப்பரில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வேலை செய்யும்.

நீக்குவதும் சேர்ப்பதும்

புரொஃபைல் படம், அடுத்து Manage accounts on this device, பிறகு அக்கவுண்ட்டைத் தொட்டு Remove account. போனின் பின் நம்பரைக் கேட்கலாம். சில போன்களில் மெனு பெயர்கள் கொஞ்சம் மாறும். கவனம், இதை அக்கவுண்ட்டையே அழிக்கும் Delete your Google Account ஆப்ஷனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது போனில் இருந்து மட்டுமல்ல, சர்வரில் இருந்தே எல்லாவற்றையும் அழித்துவிடும். ஐபோன் மெயில் ஆப் பயன்படுத்துவோருக்கு இதில் இன்னொரு குழப்பம். அங்கே செட்டிங்ஸில் Delete Account என்றே எழுதியிருக்கும், ஆனால் அது போனில் இருந்து மட்டும்தான் எடுக்கும்.

போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஜிமெயிலில் Add another account தொட்டு Google தேர்வு செய்து நுழையுங்கள். வைஃபையில் இருப்பது நல்லது. 'உங்கள் அக்கவுண்ட் முடங்கியது, இங்கே லாகின் செய்யுங்கள்' என்று எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க் வழியாக ஒருபோதும் சேர்க்க வேண்டாம். ஓடிபியை போனில் யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

சேர்த்ததும் பழைய மெயில் எல்லாம் உடனே தெரியாது. சமீபத்திய மெயில்களைத்தான் ஆப் முதலில் இறக்கும், மற்றதைத் தேடினால் நெட் வழியாக வரும். கான்டாக்ட்ஸ் வரவில்லை என்றால் அக்கவுண்ட் சிங்க் பட்டியலில் Contacts ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள்.