ஆடாதோடைக் குடிநீர்

கசப்பு மிகுந்த ஆடாதோடை இலையை ஆடும் தொடாது. பெயருக்குச் சொல்லப்படும் காரணமும் அதுவே. சித்தமும் ஆயுர்வேதமும் இதை இருமல், இரைப்பு, ரத்தபித்தம், சயம் ஆகியவற்றுக்குக் கொடுத்து வந்தன. இலையில் உள்ள வாசிசின் என்ற காரப்பொருளை 1888இல் உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் விவரித்தார். அதன் வேதியமைப்பை அடியொற்றி 1960களில் ஜெர்மனியில் உருவான புரோம்ஹெக்சின் இன்றும் சளியை இளக்கும் மருந்தாகக் கடைகளில் கிடைக்கிறது. ஆகவே இந்த இலை சளியை இளக்கும் என்பது வெறும் நம்பிக்கையல்ல. ஆனால் இருமலைத் தணிப்பது வேறு, இருமலின் காரணத்தை நீக்குவது வேறு. எத்தனை நாள் குடிக்கலாம் என்ற கேள்வியை இந்த வேறுபாட்டிலிருந்தே பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கான குடிநீருக்கு 10 கிராம் உலர்ந்த இலையை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அரை டம்ளராக வற்றியதும் வடிகட்டி, காலையும் மாலையும் பாதிப் பாதியாகக் குடிக்கலாம். குமட்டினால் அளவைக் குறைக்க வேண்டும். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. சளிக்காய்ச்சலோடு வந்த இருமலுக்கு ஒரு வாரம் குடித்துப் பார்ப்பது போதும். நாள் கணக்கை இருமல் தொடங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும். 1ஆம் தேதி இருமல் தொடங்கி, 8ஆம் தேதி குடிநீரை ஆரம்பித்தவருக்கு 15ஆம் தேதியே கெடு, 22 அல்ல. இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும் என்பதே இந்தியக் காசநோய்த் திட்டத்தின் விதி.

சயத்துக்கே முன்னோர் கொடுத்த மூலிகையாயிற்றே, ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல்தான் அடையாளம் காட்டினார். அதற்கு முன் சயத்துக்கு எந்தக் கிருமி காரணம் என்று யாருக்கும் தெரியாது. வாசிசினின் வழிவந்த மருந்துகள் சோதனைக்குழாயில் அக்கிருமியைத் தடுப்பது உண்மைதான். உடலுக்குள் அதை ஒழிக்க, பல மருந்துகளை வழக்கமாக ஆறு மாதம் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. சாதாரண வைரஸ் இருமலே மூன்று வாரம் நீடிக்குமே என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் சரியே, பரிசோதிப்பவர்களில் பலருக்கு ஒன்றும் இராது. ஆனால் காசநோயா, புற்றுநோயா, ஒன்றுமில்லையா என்பதை இருமலின் சத்தம் சொல்லாது. மிகுந்த கவனம் வேண்டியது ரத்தம் கலந்த சளி. ரத்தபித்தத்துக்குப் பேர்போன மூலிகை என்பதால் பலர் இதைக் குடிக்கிறார்கள். ரத்தம் தானாக நின்றாலும் நோய் தீர்ந்ததென்று நம்பிவிடுகிறார்கள். சளியில் ஒருமுறை ரத்தம் கண்டாலும், மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ மாலைக் காய்ச்சலோ இரவு வியர்வையோ எடைக்குறைவோ இருந்தாலும், இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.